முழுநேர வேலையோடு சமூக ஊடகத்தில் ஒரு விற்பனைப் பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியமனக் கடிதத்தில் பக்கத் தொழிலைப் பற்றி ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் தடை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி முடிவு செய்துவிட வேண்டாம். நியமனக் கடிதம் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். ஆனால் "நிறுவனத்தின் விதிமுறைகளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்" என்ற ஒரு வரி அதில் இருக்கும். அந்த ஒரு வரி வழியாக நடத்தை விதிகள், ஊழியர் கையேடு, கணினிப் பயன்பாட்டு விதிகள், சமூக ஊடக விதிகள் ஆகிய அனைத்தும் உங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே இவை எல்லாவற்றையும் மனிதவளப் பிரிவிடமிருந்து கேட்டு வாங்கி, ஒருமுறை முழுமையாகப் படியுங்கள்.

படிக்கும்போது இரண்டு வகை வாசகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில விதிகள் வெளி வருமானத்தைத் "தெரிவிக்க வேண்டும்" என்று மட்டுமே கூறும். வேறு சில "முன் அனுமதி பெற வேண்டும்" என்று கூறும். முதல் வகையில் தகவலைக் கொடுத்துவிட்டுத் தொடங்கலாம். இரண்டாவது வகையில் பதில் எழுத்தில் வரும்வரை ஓர் ஆர்டர்கூட எடுக்கக் கூடாது. "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்கள் இருந்தால், வீட்டில் இன்னொருவர் பெயரில் பக்கத்தைத் தொடங்கி, வேலையை நீங்கள் செய்வதும் அந்த விதிக்குள்தான் வரும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பொதுவாக நடத்தை விதிகள் இன்னும் கடுமையானவை. கீழே சொல்லப்படும் எதையும் பார்ப்பதற்கு முன் அவர்கள் தங்கள் துறையின் விதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிறுவனம் எதற்காக இதைக் கட்டுப்படுத்துகிறது? என் ஓய்வு நேரம் என்னுடையதுதானே?

உங்களுடையதுதான். இருந்தாலும் நிறுவனத்துக்கு நியாயமான சில கவலைகள் உண்டு; அவற்றைப் புரிந்துகொண்டால் அனுமதி கேட்பதும் எளிதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த 2019/1152 எண்ணுள்ள பணி நிலைமைகள் ஆணை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஒருவர் தம் பணி நேரத்துக்கு வெளியே வேறொரு முதலாளியிடம் வேலை செய்வதை நிறுவனம் பொதுவாகத் தடுக்கக் கூடாது என்று கூறும் அதே ஆணை, உடல்நலமும் பாதுகாப்பும், வணிக ரகசியம், பொதுப் பணியின் நேர்மை, நலன் முரணைத் தவிர்த்தல் போன்ற காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்க நாடுகளுக்கு இடமளிக்கிறது.

இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சொந்தத் தொழிலுக்கு அது நேரடியாக எழுதப்பட்டதும் அல்ல. ஆனாலும் உங்கள் நிறுவனம் மறுப்புச் சொல்லக்கூடிய காரணங்கள் பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே அடங்கும். களைப்போடு பணிக்கு வருவீர்களா, அலுவலகத் தகவல் வெளியே போகுமா, இரு பக்கமும் விசுவாசம் பிரியுமா என்பவையே மேலாளரின் மனத்தில் எழும் கேள்விகள்.

என் வேலை வேறு, பக்கம் வேறு. நலன் முரண் எங்கிருந்து வரும்?

வேலையின் பெயர் வேறாக இருப்பது மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இனி வரும் பதில்களிலும் அதையே தொடரலாம். ஒருவர் பொருள்களுக்கான பெட்டிகளையும் உறைகளையும் வடிவமைத்துத் தரும் நிறுவனத்தில் முழுநேர வடிவமைப்பாளராக இருக்கிறார். மாலையில் வீட்டில் கையால் தைத்த குறிப்பேடுகளைச் செய்து இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விற்க விரும்புகிறார். நிறுவனம் குறிப்பேடு விற்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மோதலே இல்லை.

ஆனால் மூன்று இடங்களில் இரண்டும் உரசுகின்றன. அவர் காகிதம் வாங்கப்போகும் வியாபாரி, அலுவலகத்துக்கும் காகிதம் கொடுப்பவராக இருக்கலாம். அங்கே அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, அலுவலகத்தில் அந்த வியாபாரிக்குச் சாதகமாக அவர் முடிவெடுப்பதற்கான கைம்மாறாகத் தோன்றும். அடுத்ததாக, அலுவலகத்தின் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று அவருடைய பக்கத்தைப் பார்த்து, தங்கள் சின்னம் பொறித்த குறிப்பேடுகள் மொத்தமாக வேண்டும் என்று கேட்கலாம். அலுவலக வாடிக்கையாளரைத் தன் தொழிலுக்கு இழுத்தார் என்று அது பொருள்படக்கூடும். அவர்களாகவே கேட்டு வந்தார்கள் என்பது எல்லா ஒப்பந்தங்களிலும் பாதுகாப்பு அளிப்பதில்லை. மூன்றாவது, நிறுவனம் அடுத்த ஆண்டு பரிசுப் பெட்டிகளோடு குறிப்பேடுகளையும் சேர்த்து விற்கத் திட்டமிட்டிருக்கலாம். அந்தத் திட்டம் அவருக்குத் தெரிந்திருந்தால், பக்கத்தில் அவர் வெளியிடும் ஒவ்வொரு புதிய வடிவமும் சந்தேகத்துக்கு இடமளிக்கும்.

இதற்கான தீர்வு சிக்கலானதல்ல. அலுவலகத்துக்குக் கொடுக்கும் வியாபாரியிடம் வாங்காமல் இருப்பதும், அலுவலக வாடிக்கையாளரின் ஆர்டரை ஏற்காமல் இருப்பதும், அனுமதிக் கடிதத்திலேயே இவ்விரண்டையும் எழுதிவிடுவதும் போதுமானவை. நிறுவனத்தின் திட்டம் மாறினால் அன்றே சென்று பேச வேண்டும்.

வீட்டில், என் நேரத்தில் செய்த வடிவமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடுமா?

பதில் உங்கள் ஒப்பந்தத்தையும் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது. படைப்புத் துறைகளிலும் மென்பொருள் துறையிலும் "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு. "பணிக்காலம்" என்பதற்குத் தினசரிப் பணி நேரம் என்று பொருள் இல்லை. நீங்கள் சேர்ந்த நாள் முதல் விலகும் நாள் வரையான முழுக் காலத்தையும் அது குறிக்கலாம்.

கலிஃபோர்னியா மாநிலத்தின் தொழிலாளர் சட்டத்தில் 2870-ஆம் பிரிவு கண்டுபிடிப்புகளைப் பற்றி ஒரு வரையறையைத் தருகிறது. ஊழியர் முழுக்கத் தம் நேரத்தில், நிறுவனத்தின் கருவி, பொருள், இடம், வணிக ரகசியம் எதையும் பயன்படுத்தாமல் உருவாக்கியதை நிறுவனம் உரிமை கோர முடியாது. ஆனால் அது நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையதாகவோ, நிறுவனத்துக்காகச் செய்த வேலையிலிருந்து பிறந்ததாகவோ இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வேறு எங்கே இருந்தாலும் இதை ஒரு சோதனைக் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்: யாருடைய நேரம், யாருடைய கருவி, எதிலிருந்து பிறந்தது?

இதில் மிக எளிதாக வழுக்கும் இடம் கருவி. மேலே சொன்ன வடிவமைப்பாளர் அலுவலக மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துவருகிறார். அதிலுள்ள வடிவமைப்பு மென்பொருளில் ஓர் அட்டைப்படத்தை வரைகிறார். கோப்பு அலுவலகச் சேமிப்பகத்தில் தானாகவே நகலாகிவிடுகிறது. அட்டையில் அவர் பயன்படுத்திய எழுத்துரு, நிறுவனம் தன் பெயரில் உரிமம் பெற்றது. அந்த உரிமம் அவருடைய சொந்த விற்பனைக்குச் செல்லாது. அரை மணி நேர வேலையில் நிறுவனத்தின் கருவி, சேமிப்பகம், உரிமம் மூன்றும் நுழைந்துவிட்டன. சொந்தக் கணினி, சொந்த மின்னஞ்சல், சொந்தமாக வாங்கிய மென்பொருள், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உள்ள எழுத்துரு என்று முதல் நாளிலிருந்தே பிரித்துவிடுங்கள். வாங்கியதற்கான ரசீதுகளையும், தேதி பதிந்த வரைவுக் கோப்புகளையும் ஒரே உறையில் சேர்த்து வைத்தால் பின்னால் பேச்சு வரும்போது அவையே சான்று.

அனுமதியை எப்படிக் கேட்பது? கேட்டால் சந்தேகம் வராதா?

பொதுவாகக் கேட்டால்தான் சந்தேகம் வரும். "பக்கத்தில் சிறு தொழில் செய்யலாமா?" என்ற கேள்விக்கு, எதற்கு அனுமதி கொடுக்கிறோம் என்று தெரியாமல் யாரும் ஒப்புதல் அளிக்க மாட்டார்கள். என்ன பொருள், எந்த நேரம், எந்த எல்லைகள் என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் ஒப்புதல் அளிப்பதற்கு ஏதேனும் ஒன்று கையில் இருக்கும். நம் வடிவமைப்பாளரின் கடிதம் ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்:

> கையால் தைத்த குறிப்பேடுகளைச் செய்து ஒரு சமூக ஊடகப் பக்கத்தின் வழியாகத் தனிநபர்களுக்கு விற்க விரும்புகிறேன். இந்த வேலை மாலை ஏழு மணிக்குப் பின்னரும் வார விடுமுறையிலும் மட்டும், வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மிகாமல் நடைபெறும். நிறுவனத்தின் கருவிகள், மென்பொருள், எழுத்துரு, பெயர் எதையும் பயன்படுத்த மாட்டேன். நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடமிருந்து ஆர்டர் ஏற்கவோ, நிறுவனத்துக்குப் பொருள் வழங்குபவர்களிடமிருந்து வாங்கவோ மாட்டேன். பக்கத்தின் தன்மை மாறினால் முன்கூட்டியே தெரிவிப்பேன். இதற்கு எழுத்து மூலமான அனுமதியை வேண்டுகிறேன்.

மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பதில் நிபந்தனைகளோடு வந்தால் அதை மறுப்பாக நினைக்க வேண்டாம்; நிபந்தனையுள்ள அனுமதியே நடைமுறையில் தெளிவானது. மறுத்தால், எந்தப் பகுதி இடையூறாக இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். பொருளை மாற்றினாலோ, நிறுவனங்களுக்கு விற்பதைக் கைவிட்டாலோ ஏற்பார்களா என்று பார்க்கலாம். அதற்கும் மறுத்தால் பக்கத்தை நடத்த முடியாது. நடத்தியே ஆக வேண்டுமென்றால் வேலையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மேலாளர் வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டார். போதாதா?

மேலாளர் மாறிவிட்டால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். அன்றைக்கே "இன்று பேசியதன்படி" என்று தொடங்கி, பேசியதைச் சுருக்கமாக எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு வரியில் உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். அதன் நகலை அச்சிட்டு வீட்டில் வையுங்கள். வேலையை விட்டு விலகும் நாளில் அலுவலக மின்னஞ்சலைத் திறக்க முடியாது.

அனுமதி கேட்காமலே தொடங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

புதிய ஆர்டர்களை முதலில் நிறுத்துங்கள். பணம் பெற்றவற்றை மட்டும் முடித்துக் கொடுங்கள். பிறகு எப்போது தொடங்கினீர்கள், என்ன விற்றீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதி அனுமதி கேளுங்கள். பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது போலக் காட்ட நினைக்க வேண்டாம். பழைய பதிவுகளின் படங்கள் யாரிடமாவது இருக்கும், ஃபேஸ்புக் பக்கமானால் அது உருவாக்கப்பட்ட தேதியை எவரும் பார்க்க முடியும். விதியை அறியாமல் தொடங்கியதை நிறுவனம் பொறுத்துக்கொள்ளக் கூடும். மறைத்தது தெரிந்தால் நம்பிக்கை போய்விடும், அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

வேலை நேரத்தில் வாடிக்கையாளர்கள் செய்தி அனுப்புகிறார்கள். உடனே பதில் சொல்லாவிட்டால் போய்விடுவார்களே?

சிலர் போய்விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலோர் உடனடிப் பதிலைவிட, எப்போது பதில் வரும் என்பதையே அறிய விரும்புகிறார்கள். அதைப் பக்கமே சொல்லும்படி அமைக்கலாம்.

வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் `Away message` என்ற வசதி இருக்கிறது. அதன் கால அட்டவணையில் `Custom schedule` என்பதைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து இன்னொரு தேதிவரை ஊருக்குப் போகும் நாள்களுக்குத்தான் ஏற்றது. அன்றாடப் பயன்பாட்டுக்கு `Outside of business hours` என்பதைத் தேர்ந்தெடுத்து, வணிக விவரப் பகுதியில் பக்கத்தின் வணிக நேரத்தை மாலை எட்டு முதல் ஒன்பது என்று குறித்துவிடுங்கள். மீதி நேரம் முழுவதும் செய்தி அனுப்புபவருக்குத் தானியங்கிப் பதில் போகும். உங்கள் கைபேசி இணையத்தில் இருந்தால்தான் அந்தப் பதில் செல்லும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அலுவலகத்துக்குள் கைபேசியை அணைத்து வைக்க வேண்டியவர்கள் அதே வாசகத்தைப் பக்கத்தின் அறிமுகத்திலும் எழுதிவைக்க வேண்டும்.

வாசகம் தெளிவாக இருக்கட்டும்: "செய்தி கிடைத்தது. இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் பதில் அனுப்புகிறேன். அளவு, எண்ணிக்கை, எந்தத் தேதிக்குள் வேண்டும் ஆகியவற்றை இப்போதே எழுதிவைத்தால் ஒரே பதிலில் விலை சொல்லிவிடுவேன்." கடைசி வாக்கியம்தான் உங்கள் மாலையைக் காப்பாற்றும். நான்கு முறை மாறி மாறி எழுத வேண்டிய உரையாடல் ஒரே பதிலில் முடிகிறது. பக்கத்தில் அழைப்புப் பொத்தான் இருந்தால் நீக்கிவிடுங்கள். செய்தி மாலை வரை காத்திருக்கும், அழைப்பு காத்திருக்காது. பக்கத்தின் அறிவிப்புகளையும் வேலை நேரத்தில் ஒலிக்காதபடி நிறுத்திவைப்பது அவசியம். உணவு இடைவேளையில்கூடப் பார்க்காமல் இருப்பதே என் பரிந்துரை. ஒருமுறை பார்த்துவிட்டால் மதியம் முழுவதும் மனம் அங்கேயே இருக்கும்.

பதிவுகளை முன்கூட்டியே எழுதி, தானாக வெளியாகும்படி வைக்கலாமா?

வைக்கலாம். மெட்டா பிசினஸ் சூட் வழியாக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் ஒரே அமர்வில் பதிவுகளைத் திட்டமிட்டு வைக்க முடியும். ஆனால் வெளியாகும் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முற்பகல் பதினொரு மணிக்கு வெளியாகும் பதிவைச் சக ஊழியர் பார்த்தால், நீங்கள் இருக்கையிலிருந்தே எழுதினீர்கள் என்றுதான் நினைப்பார். உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்த நாளில் பதிவு வெளியானால் விளக்குவது இன்னும் கடினம். எல்லாப் பதிவுகளையும் பணி நேரத்துக்குப் பின் வெளியாகும்படி வையுங்கள். விடுப்பு எடுக்கும் காலையில், அன்றைக்கு எதுவும் வரிசையில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாரத்துக்கு எத்தனை ஆர்டர் எடுக்கலாம் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஆர்வத்தை வைத்துக் கணக்கிடாமல் நிமிடங்களை வைத்துக் கணக்கிட வேண்டும். வடிவமைப்பாளரின் வாரத்தைப் பார்ப்போம். நான்கு மாலைகளில் ஒன்றே கால் மணி நேரம் வீதம் 5 மணி, விடுமுறை நாளில் 4 மணி. ஆக 9 மணி நேரம் கையில் இருக்கிறது. இதில் 2 மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிட வேண்டும். விருந்தினர், தலைவலி, அலுவலகத்தில் நீண்டுபோகும் ஒரு மாலை என்று ஏதோ ஒன்று அதை எடுத்துக்கொள்ளும். செய்திகளுக்குப் பதில், படம் எடுத்தல், பதிவு எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்கு இன்னும் 2 மணி. தைப்பதற்கு எஞ்சுவது 5 மணி, அதாவது 300 நிமிடம்.

ஒரு குறிப்பேட்டுக்குத் தாள்களை மடித்துத் தைக்க 50 நிமிடம், அட்டை வெட்டி ஒட்ட 30 நிமிடம், பொதிந்து முகவரி எழுதி அனுப்ப 20 நிமிடம் என்றால், மொத்தம் 100 நிமிடம். ஆகவே வாரத்துக்கு மூன்று. பலர் கடைசி 20 நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காமல் பார்த்தால் ஏறத்தாழ நான்கு என்று வரும், அந்த நான்காவது குறிப்பேடுதான் ஒவ்வொரு வாரமும் நள்ளிரவில் முடியும்.

இந்த எண்ணிக்கையிலிருந்தே ஒப்படைக்கும் தேதியும் கிடைக்கிறது. வரிசையில் ஏற்கெனவே ஐந்து ஆர்டர்கள் இருந்தால், ஆறாவதாக வருபவரின் குறிப்பேடு இரண்டாவது வார இறுதியில் முடியும். பசை காய ஓர் இரவு, பயணத்துக்கு ஆகும் நாள்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்றாவது வாரத்தில் அவர் கைக்குச் சேரும். அவரிடம் மூன்று வாரம் என்றே சொல்ல வேண்டும். வரிசை ஒன்பதைத் தாண்டினால், அடுத்த மாதம் ஆர்டர் திறக்கும் என்று பக்கத்தில் எழுதிவிட்டு நிறுத்துவது நல்லது.

எண்ணிக்கை தவறாக இருக்கிறது என்பதை அறிய ஓர் அடையாளம் உண்டு. தொடர்ந்து இரண்டு வாரம் அந்த ஒதுக்காத 2 மணி நேரமும் தையலுக்கே போய்விட்டால், உங்கள் 100 நிமிடக் கணக்கு தவறு. கடிகாரத்தை வைத்து மீண்டும் அளந்து, எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள்.

அலுவலகத்தில் திடீரென்று வேலை குவிந்தால் ஆர்டர்களை என்ன செய்வது?

எந்த மாதங்களில் அலுவலக வேலை குவியும் என்பது பெரும்பாலும் முன்பே தெரியும். கணக்கு முடிக்கும் காலம், பெரிய திட்டம் ஒப்படைக்கும் காலம் போன்றவை. அதற்கு மூன்று வாரம் முன்பே புதிய ஆர்டர்களை நிறுத்தினால், வரிசை தானாகவே காலியாகியிருக்கும். உண்மையிலேயே திடீரென்று வந்துவிட்டால், தேதி தவறுவதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு எழுதி, புதிய தேதியையோ முழுப் பணத்தையோ அவரே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இதற்காகவே முன்பணத்தைச் செலவழிக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். குறிப்பேடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அது உங்கள் பணம். அந்தத் தனிக் கணக்கு வருமான வரி விவரங்களை எடுப்பதற்கும் உதவும்.

சக ஊழியர்களுக்கு விற்கலாமா?

அவர்களாகவே பக்கத்துக்கு வந்து வாங்கினால் தவறில்லை. அலுவலகக் குழுவில் அறிவிப்பதும், இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் வேண்டாம். உங்களுக்குக் கீழ் பணிபுரிபவர்களிடம் மட்டும் எந்நிலையிலும் விற்காதீர்கள். அவர்களால் மனம் திறந்து மறுக்க முடியாது.

வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன். பழைய அனுமதி செல்லுமா?

செல்லாது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, பக்கம் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைச் சொல்லி, அதையும் அதன் இதுவரையான வடிவமைப்புகளையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கும்படி கேளுங்கள். சில ஒப்பந்தங்களின் பின்னிணைப்பில் முந்தைய படைப்புகளைக் குறிப்பிடவே ஓர் இடம் இருக்கும். அதைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கையெழுத்திட்ட பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது.

பழைய நிறுவனத்திலிருந்து விலகும் முன், பக்கத்தின் கணக்கு எதிலாவது அலுவலக மின்னஞ்சலோ அலுவலகக் கைபேசி எண்ணோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்நுழைவுக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும் என்றால், விலகிய மறுநாள் பக்கத்தை உங்களால் திறக்க முடியாது. வாடிக்கையாளரை இழுக்கக் கூடாது என்ற விதி விலகிய பின்பும் குறிப்பிட்ட காலத்துக்குத் தொடரலாம் என்பதால், அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு, அதுவரை பழைய அலுவலக வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை ஏற்காமல் இருங்கள்.